தொழில் கடன் தவணையை மாற்றிக் கேட்பது: வங்கி மேலாளரிடம் போவதற்கு முன் எழும் கேள்விகள்

கோவை கணபதியில் வாடகை ஷெட்டில் 2 சி.என்.சி. லேத் வைத்து, பம்ப் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க் முறையில் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்கிறேன். இது கணக்கை விளக்குவதற்காக நான் அமைத்த உதாரணம். ஆனால் இதைப் போன்ற பட்டறைகள் அந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு உண்டு. இயந்திரம் வாங்க 30 லட்ச ரூபாய், 11 சதவீத வட்டி, 60 மாதம், மாதத் தவணை 65,227 ரூபாய். இதோடு 8 லட்ச ரூபாய்க்குக் கேஷ் கிரெடிட். 24 தவணைகள் கட்டியாகிவிட்டன, அசலில் 19.92 லட்சம் பாக்கி. அந்த நேரத்தில், வேலையில் பாதிக்கு மேல் கொடுத்து வந்த பம்ப் கம்பெனி ஆர்டரைக் குறைத்துவிட்டது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தப் பட்டறையை மனத்தில் வைத்து எழுதியவை.

இதுவரை ஒரு தவணைகூடத் தவறவில்லை. இன்னும் இரண்டு மாதம் சமாளிப்பேன், அதற்குப் பிறகு முடியாது. இப்போதே போய்ச் சொன்னால் நானே என்னைக் காட்டிக்கொடுத்தது போல ஆகாதா?

இப்போதே போங்கள். தவணை தவறிய நாளிலிருந்தே வங்கியின் கணினி நாட்களை எண்ணத் தொடங்கிவிடும். 30 நாட்கள் வரை பாக்கி நின்றால் எஸ்.எம்.ஏ.-0 என்ற எச்சரிக்கைப் பிரிவு, 31 முதல் 60 வரை எஸ்.எம்.ஏ.-1, 61 முதல் 90 வரை எஸ்.எம்.ஏ.-2. 90 நாட்களைத் தாண்டினால் வாராக் கடன். இந்த எண்ணிக்கையை மேலாளரால் நிறுத்திவைக்க முடியாது. ஒருமுறை வாராக் கடனாகிவிட்டால், ஒரு தவணையைக் கட்டி வெளியே வர முடியாது. நிலுவை முழுவதையும் கட்டியாக வேண்டும். இயந்திரக் கடன் வாராக் கடனானால் அதே வங்கியில் உங்கள் பெயரில் உள்ள கேஷ் கிரெடிட்டும் அந்த வகைக்குள் போய்விடும். அதன் பிறகு கூலி கொடுக்கக்கூடப் பணம் எடுப்பது சிரமம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கேஷ் கிரெடிட்டிலிருந்து எடுத்துத்தான் கடந்த இரண்டு தவணைகளைக் கட்டியிருக்கிறீர்கள் என்றால், அது மேலாளருக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு கணக்குகளும் அவர் திரையில்தான் இருக்கின்றன. வரவு குறைந்து, கேஷ் கிரெடிட் எப்போதும் உச்ச வரம்பை ஒட்டியே நிற்பதை அவர் பார்த்திருப்பார். நீங்கள் போய்ச் சொல்வதால் ரகசியம் எதுவும் உடைவதில்லை. அவர் கண்ட அறிகுறிக்குக் காரணம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

மறுசீரமைப்பு என்று கேட்டுவிட்டால் சிபிலில் கறை விழும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

உண்மை. இதை மறைத்து யாராவது உங்களுக்கு ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள். பணச் சிக்கலில் இருக்கும் கடன்தாரருக்கு, வழக்கமாகக் கொடுக்காத ஒரு சலுகையை வங்கி கொடுத்தால் அதுதான் மறுசீரமைப்பு. தவணைக் காலத்தை நீட்டுவதும் இதில் அடங்கும். ரிசர்வ் வங்கியின் பொது விதிப்படி, ஒழுங்காக இருந்த கணக்கும் மறுசீரமைத்த உடனே வாராக் கடன் வகைக்கு இறங்கும். 2019 ஜனவரியிலும் கொரோனா காலத்திலும் சிறு தொழில்களுக்கென்று வந்த சிறப்பு அறிவிப்புகளில் அப்படி இறக்காமல் சலுகை கொடுத்தார்கள். பலரும் அந்த நினைவிலேயே இன்றும் பேசுகிறார்கள். அந்தச் சலுகைகளுக்கான காலம் முடிந்துவிட்டது. புதிதாக ஏதாவது அறிவிப்பு அமலில் இருக்கிறதா என்று கிளையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இறங்கிய கணக்கு மேலே ஏறவும் வழி உண்டு. மொத்தக் கடன் 25 கோடிக்குள் இருக்கும் சிறு நிறுவனங்களுக்கு, புதிய அட்டவணையின் முதல் தவணை தொடங்கியதிலிருந்து ஓராண்டு ஒழுங்காகக் கட்ட வேண்டும். எந்தத் தவணையும் 30 நாட்களுக்கு மேல் நிலுவையில் நிற்கக் கூடாது; கேஷ் கிரெடிட் வரம்பை மீறி 30 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. அப்படி நடந்தால் கணக்கை மறுபடி உயர்த்தலாம். ஆனால் மறுசீரமைத்த கடன் என்ற குறிப்பு கடன் அறிக்கையில் தெரியும். அடுத்த சில ஆண்டுகள் புதுக் கடன் கேட்கும்போது அதைப் பற்றிக் கேள்வி வரும்.

ஆகவே முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: இது இரண்டு மூன்று மாதத் தட்டுப்பாடா, அல்லது வருமானமே ஒரு படி இறங்கிவிட்டதா? வரவேண்டிய பாக்கி வந்தால் சரியாகிவிடும் என்றால் மறுசீரமைப்பு வேண்டாம். எந்தத் தேதிக்குள் நிலுவையைச் சரிசெய்வேன் என்று எழுதிக் கொடுத்து, கடன் நிபந்தனைகளைத் தொடாமல் கணக்கை ஒழுங்குபடுத்தும் வழி இருக்கிறது. வங்கி மொழியில் இதைத் திருத்த நடவடிக்கை என்பார்கள். வருமானமே இறங்கிவிட்டது என்றால், 90 நாட்களைக் கடந்து வாராக் கடனாகி, ஜாமீன் சொத்தை வங்கி கைப்பற்ற வழிவிடும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வாங்குவதைவிட, கட்டக்கூடிய அட்டவணையோடு ஓராண்டு அந்த வகையில் இருந்துவிட்டு வெளியே வருவது மேல். நம் கணபதிப் பட்டறை இரண்டாவது வகை.

எங்கள் மேலாளர் நல்லவர். அவரே முடிவெடுத்துக் கொடுத்துவிட மாட்டாரா?

பெரும்பாலும் முடியாது. அவர் நல்லவர் என்பதால் அவரிடம் கேட்க வேண்டிய விஷயமே வேறு.

சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களை மீட்பதற்கென்று ஒரு நடைமுறையை மத்திய அரசு 2015 மே மாதம் அறிவித்தது. ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் அதை வங்கிகளுக்கு வகுத்துக் கொடுத்தது. 25 கோடி வரை கடன் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். மொத்த வரம்பு 10 லட்சத்துக்குள் இருந்தால் கிளை மேலாளரின் அதிகாரத்திலேயே தீர்வு முடிவாகலாம். அதற்கு மேல் என்றால், மண்டல அளவில் இருக்கும் குழுதான் முடிவு செய்யும். நம் பட்டறையின் வரம்பு 30-உம் 8-உம் சேர்த்து 38 லட்சம். எனவே கோப்பு குழுவுக்குத்தான் போகும். கடனைக் கட்ட முடியாமல் போகும் என்று நியாயமான அச்சம் இருந்தால், தவணை தவறும் முன்பே கடன்தாரர் தானாக விண்ணப்பிக்கலாம் என்பது இந்த நடைமுறையின் முக்கியமான அம்சம். உத்யம் பதிவுச் சான்றிதழைக் கட்டாயம் இணையுங்கள். நீங்கள் சிறு நிறுவனம் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. உங்களைப் பார்த்தே இராத ஒருவர், மண்டல அலுவலகத்தில் உட்கார்ந்து உங்கள் காகிதத்தை மட்டும் படித்து முடிவெடுக்கப்போகிறார். மேலாளரின் அறையில் நீங்கள் உருக்கமாகப் பேசியது அந்தக் காகிதத்தில் இருக்காது. மேலாளர் தன் பரிந்துரைக் குறிப்பில் எடுத்து எழுதத் தோதாக, சரிபார்க்கத்தக்க எண்களை அவர் கையில் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

வருமானத்தை எவ்வளவு காட்டுவது? குறைத்துக் காட்டினால் இரக்கப்படுவார்களா, கூட்டிக் காட்டினால் நம்பிக்கை வருமா?

இரண்டும் வேண்டாம். மூன்று இடங்களில் உங்கள் வரவு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது: மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக் கணக்கில் விழுந்த வரவுகள், வருமான வரிக் கணக்கு. கடன் அதிகாரி முதலில் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நீங்கள் சொல்லும் நான்காவது எண் இவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் பாதித் தொகையாகத்தான் எடுத்துக்கொள்வார். ரசீது இல்லாமல் கையில் வாங்கும் வேலை கொஞ்சம் இருக்கிறது, அதையும் சேர்த்தால் கட்ட முடியும் என்று வாய்மொழியாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரவைக் கொண்டு எந்த அதிகாரியாலும் ஒரு பரிந்துரையை எழுத முடியாது. இனி எல்லா வேலைக்கும் பில் போடுங்கள். பில் உள்ள வரவை மட்டும் காட்டுங்கள்.

நம் பட்டறையில் ஜாப் ஒர்க் வரவு மாதம் 4.20 லட்சமாக இருந்தது. கடந்த ஆறு மாதச் சராசரி 2.60 லட்சம். இப்போதைய மாதச் செலவு: கூலி 95,000, மின்சாரம் 25,000, இன்சர்ட், டூல், கூலன்ட் ஆயில் 26,000, ஷெட் வாடகை 28,000, வண்டி வாடகை, ஆடிட்டர் போன்றவை 14,000. வீட்டுச் செலவுக்கு எடுப்பது 30,000. மொத்தம் 2.18 லட்சம். மீதி 42,000. கேஷ் கிரெடிட் வட்டி ஏறத்தாழ 7,500 போனால் கையில் 34,500. கட்ட வேண்டிய தவணையோ 65,227. மாதம் சுமார் 30,700 ரூபாய் துண்டு விழுகிறது. துண்டு விழும் இந்த ஓர் எண்தான் உங்கள் விண்ணப்பத்தின் மையம்.

வீட்டுச் செலவை மறக்காமல் எழுதுங்கள். பலர் வெட்கப்பட்டு அதை விட்டுவிடுகிறார்கள், அல்லது 10,000 என்று போடுகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடு அவ்வளவில் நடக்காது என்று அதிகாரிக்குத் தெரியும். முன்பு 45,000 எடுத்ததை 30,000 ஆகக் குறைத்திருக்கிறேன் என்று எழுதினால், நெருக்கடியில் உங்கள் பங்கையும் நீங்கள் குறைத்துக்கொண்டது காகிதத்தில் தெரியும்.

வெளியில் கைமாற்றாக 3 லட்சம் வாங்கியிருக்கிறேன். ஏலச்சீட்டும் எடுத்துவிட்டேன். அதையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். காரணம் கணக்கு தொடர்பானது. உங்கள் 34,500 மீதியிலிருந்து சீட்டுக்கு மாதம் 10,000 போகிறது என்றால், வங்கிக்குக் கட்டக்கூடியது 24,500 தான். அதை மறைத்து 34,500-ஐ வைத்து அட்டவணை போட்டால், நான்காவது மாதமே அது முறியும். மறுசீரமைத்த அட்டவணை முறிந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது மிக அரிது. கைமாற்று கொடுத்தவர் உறவினராக இருந்தால், வங்கித் தவணை சீராகும் வரை அசலைக் கேட்க மாட்டேன் என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைக்கலாம். அதிகாரிகள் அதை மதிப்பார்கள்.

கீழே வரும் கணக்கில் நம் பட்டறைக்காரருக்கு வெளிக்கடன் இல்லை என்று வைத்திருக்கிறேன். உங்களுக்கு இருந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுக் கணக்கைப் போடுங்கள்.

ஆறு மாதம் எதுவும் கட்டாமல் தவணை விடுமுறை கேட்கலாம் என்று நண்பர் சொல்கிறார். அப்படியே கேட்கட்டுமா?

உங்கள் தாளில் 34,500 மீதி இருக்கும்போது ஒன்றும் கட்ட மாட்டேன் என்று கேட்பது, உங்கள் எண்களையே நீங்கள் மறுப்பதாகும். வட்டி மட்டும் கட்டுகிறேன் என்பதும் வழக்கமாகக் கேட்கும் ஒன்று. முதல் மாத வட்டி 18,263 ரூபாய். அதைவிட அதிகம் கட்ட உங்களால் முடியும் என்று தாளே சொல்கிறதே என்று அதிகாரி கேட்பார். வருமானம் சுத்தமாக நின்றுபோன பட்டறைக்குத்தான் விடுமுறை பொருந்தும்.

நான் சொல்லும் வழி இது: ஒவ்வொரு கட்டத்திலும் மீதியாகும் தொகையை 1.3 ஆல் வகுத்து, கிடைக்கும் தொகைக்கு மேல் போகாமல் தவணையை வையுங்கள். அதாவது 130 ரூபாய் மீதியானால் 100 ரூபாய்க்குமேல் வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனி ஒரு மாதம் பில்லை இழுத்தடித்தாலும், ஸ்பிண்டில் பேரிங் போய்ச் செலவு வந்தாலும் தவணை நிற்காமல் இருக்க அந்த 30 வேண்டும். கடன் அடைக்கும் திறனைப் பார்க்கும்போது வங்கியும் இது போன்ற ஒரு விகிதத்தைத்தான் பார்க்கிறது.

முதல் ஆறு மாதம் வரவு இப்போதுள்ள 2.60 லட்சமே என்று வையுங்கள். மீதி 34,500, தவணை 26,000. இதில் வட்டி போக அசலும் கொஞ்சம் குறையும். ஆறு மாத முடிவில் பாக்கி 19.45 லட்சம்.

அடுத்த 12 மாதம் வரவு 2.90 லட்சம். எதை நம்பி? வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனி மாதிரி உருப்படிகளை ஏற்று, கொள்முதல் ஆணை கொடுத்திருக்கிறது. அதன் நகல் இணைப்பில் இருக்கிறது. வேலை கூடினால் கூலியும் மின்சாரமும் டூல் செலவும் கூடும். அவற்றைக் கூட்டி எழுதினால் செலவு 2.31 லட்சம், கேஷ் கிரெடிட் வட்டியும் போக மீதி 51,500, தவணை 38,000. அந்த ஆண்டு முடிவில் பாக்கி 16.90 லட்சம்.

கடைசி 36 மாதம் வரவு 3.40 லட்சம். பழைய 4.20 லட்சத்துக்குத் திரும்பிவிடும் என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். செலவு 2.59 லட்சம், வட்டி போக மீதி 73,500, தவணை 55,335. இதோடு கடன் முடிகிறது.

மொத்தம் 54 மாதம். பழைய அட்டவணையில் 36 மாதம்தான் பாக்கி இருந்தது, ஆகவே 18 மாதம் கூடுகிறது. வட்டி விகிதம் மாறாது என்று வைத்தால், இந்த மாற்றத்தால் நீங்கள் கூடுதலாகக் கட்டப்போகும் வட்டி ஏறத்தாழ 2.56 லட்ச ரூபாய். இந்தத் தொகையையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். என்ன விலை கொடுக்கிறேன் என்று தெரிந்தே கேட்கிறேன் என்பதை அது காட்டும். இயந்திரத்தின் எஞ்சிய ஆயுள் இந்த 54 மாதத்தைவிட அதிகம் என்பதற்கு, சர்வீஸ் செய்பவரிடம் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வட்டியைக் குறைக்கச் சொல்லியும் சேர்த்துக் கேட்கட்டுமா?

இந்தக் கடிதத்தில் வேண்டாம். காலத்தை நீட்டுவதோடு வட்டிக் குறைப்பும் கேட்டால், வங்கிக்கு அது நேரடி இழப்பு. கோப்பு இன்னும் மேலே போய்த் தாமதமாகும். அபராதக் கட்டணம் ஏதாவது விழுந்திருந்தால் அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். 2024 ஏப்ரல் முதல் வங்கிகள் அபராத வட்டி என்று வட்டியில் சேர்க்கக் கூடாது. தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அதன்மேல் வட்டி ஏறக் கூடாது. உங்கள் கணக்கு அறிக்கையில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் வரவேண்டிய பாக்கியைக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டு வந்திருக்கிறேன். இப்போது உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வேனே?

இதுதான் மிகக் கடினமான கேள்வி. பலரும் மேலாளரைப் பார்க்கப் போகாமல் தள்ளிப்போடுவது இதனால்தான்.

கேஷ் கிரெடிட்டில் நீங்கள் எவ்வளவு எடுக்கலாம் என்பதை டிராயிங் பவர் முடிவு செய்கிறது. சரக்கும் வரவேண்டிய பாக்கியும் எவ்வளவோ, அதில் உங்கள் பங்கைக் கழித்த மீதிதான் அது. 90 நாட்களுக்கு மேல் பழசான பாக்கியைப் பொதுவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பம்ப் கம்பெனி தர வேண்டிய பழைய பாக்கியைப் புதியது போலத் தொடர்ந்து காட்டி வந்திருந்தால், உங்கள் உண்மையான டிராயிங் பவர் 8 லட்சம் இருக்காது. 6 லட்சமாக இருக்கலாம். மறுசீரமைப்புக் கோப்பு போனால் ஷெட்டில் ஆய்வு நடக்கும், பில்களையும் பார்ப்பார்கள். அப்போது அவர்களே கண்டுபிடித்தால், தவறான தகவல் கொடுத்தவர் என்ற குறிப்போடு கோப்பு மூடப்படும். அது வேண்டுமென்றே ஏமாற்றியதாகக் கருதப்பட்டால் விளைவுகள் இந்தக் கடனோடு நிற்காது.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே ஆடிட்டரோடு உட்காருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டியதை 30 நாள், 60 நாள், 90 நாள், அதற்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்து எழுதுங்கள். அந்த மாத ஸ்டேட்மென்டை உண்மையான எண்ணோடு கொடுங்கள். எண் ஏன் இறங்குகிறது என்று ஒரு வரியில் சொல்லுங்கள்: 90 நாட்களைத் தாண்டிய பாக்கியை இம்முறை நீக்கியிருக்கிறேன் என்று. வரம்புக்கு மேல் நிற்கும் அந்த 2 லட்சத்தை உடனே கட்ட முடியாது என்றால், அதைத் தனித் தவணைக் கடனாக மாற்றித் தரக் கேட்கலாம். நடப்பு மூலதனத்துக்கான தவணைக் கடன் என்று வங்கிகளில் இதற்கு வழக்கம் உண்டு. அதற்கும் ஒரு மாதத் தவணை வரும். முன் சொன்ன அட்டவணையில் அதையும் சேர்த்தே தவணையைக் குறைக்க வேண்டியிருக்கும்.

பழைய பாக்கியை வசூலிக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் கேட்கப்படும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம்; தராவிட்டால் இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம். வாடிக்கையாளரை இழப்போமோ என்ற பயத்தில் பலரும் செய்வதில்லை, அது புரிகிறது. குறைந்தது பாக்கியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி, அதன் நகலை இணையுங்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி கிடைக்குமா?

ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், எண்கள் முன்னால் நிற்க வேண்டும். நான் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

எங்கள் நிறுவனம் தங்கள் கிளையில் 30 லட்ச ரூபாய் இயந்திரக் கடனும் 8 லட்ச ரூபாய் கேஷ் கிரெடிட்டும் பெற்றுள்ளது. இதுவரை 24 தவணைகள் கட்டியுள்ளோம். அவற்றில் கடைசி இரண்டைக் கேஷ் கிரெடிட்டிலிருந்து கட்டினோம்.

எங்கள் முதன்மை வாடிக்கையாளர் ஆர்டரைக் குறைத்ததால் மாத வரவு 4.20 லட்சத்திலிருந்து 2.60 லட்சமாகக் குறைந்துள்ளது. செலவும் கேஷ் கிரெடிட் வட்டியும் போக மாதம் 34,500 ரூபாய் மீதியாகிறது. தற்போதைய தவணை 65,227 ரூபாய். வரும் மாதங்களில் இதைக் கட்ட இயலாது என அஞ்சுகிறோம்.

எனவே சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களின் மீட்பு மற்றும் மறுவாழ்வு நடைமுறையின் கீழ், 6 மாதம் 26,000, அடுத்த 12 மாதம் 38,000, அடுத்த 36 மாதம் 55,335 ரூபாய் என்று தவணையை மாற்றித் தர வேண்டுகிறோம். வட்டி விகிதத்தில் மாற்றம் கோரவில்லை. முடிவு வரும் வரை மாதம் 26,000 ரூபாய் தவறாமல் செலுத்துவோம். இந்த விண்ணப்பத்தை உரிய குழுவுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் தர வேண்டுகிறோம்."

இதன்கீழ் இணைப்புகள்: உத்யம் சான்று, ஓராண்டு ஜி.எஸ்.டி. கணக்குகள், வங்கி அறிக்கை, கடைசி இரண்டு ஆண்டு வரவு செலவு அறிக்கை, வயதுவாரியான பாக்கிப் பட்டியல், புதிய கொள்முதல் ஆணை, மாதவாரியான வரவு செலவு மதிப்பீடு, இவை உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரம்.

முடிவு வரும் வரை 26,000 கட்டுவோம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். எழுதியபின் கட்டியும் காட்டுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: பகுதித் தொகை கட்டுவதால் நாள் எண்ணிக்கை நின்றுவிடாது. கட்டாத மீதி நிலுவையாகத்தான் நிற்கும். கோப்பை விரைவாக நகர்த்தச் சொல்லிக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

நேரில் என்ன கேட்பார்? நான் தடுமாறிவிடுவேன்.

மாத இறுதியிலும் காலாண்டு முடிவிலும் போகாதீர்கள். கணக்கு முடிக்கும் நெருக்கடியில் இருப்பார். முன்கூட்டியே நேரம் கேட்டு, தாளை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

பெரும்பாலும் வரும் கேள்விகள் மூன்று. "அந்த வால்வு கம்பெனி ஆர்டரும் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?" இதற்கு உண்மையான பதில் வேண்டும்: இரண்டு லேத்தில் ஒன்றை வங்கியின் அனுமதியோடு விற்றுக் கடனைக் குறைப்பேன் என்பது ஒரு பதில். "உங்கள் பணம் எவ்வளவு உள்ளே போடுகிறீர்கள்?" மறுசீரமைப்பில் உரிமையாளரும் ஏதாவது தியாகம் செய்ய வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கும். நகையோ சேமிப்போ கொண்டு 1 லட்சம் போட முடியுமானால் சொல்லுங்கள். முடியாதென்றால் போடுவதாகச் சொல்லாதீர்கள். "கூடுதல் ஜாமீன் தர முடியுமா?" வீட்டுப் பத்திரத்தை அந்த மேசையிலேயே ஒப்புக்கொள்ளாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு எழுத்தில் சொல்கிறேன், சார்" என்றால் போதும். எந்த மேலாளரும் தவறாக நினைக்க மாட்டார். சொத்து ஜாமீன் இல்லாத சிறு தொழில் கடனுக்குப் பொறுப்பேற்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. அறக்கட்டளையின் உத்தரவாதம் உங்கள் கடனுக்கு இருந்தால், வீட்டைக் கேட்கும் முன் அதைப் பற்றி நீங்கள் நினைவூட்டலாம்.

கடிதத்தை வாங்கிக்கொள்ளவே மறுக்கிறார். "தவணை தவறட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார்.

கிளையின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். மண்டல அலுவலகத்துக்கு நகல் வையுங்கள். தேதியிட்ட சான்று உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில், கனரா வங்கி தொடர்பான புரோ நிட்ஸ் வழக்கில் கூறியது. ஆனால் அதே தீர்ப்பு, கணக்கு வாராக் கடனாகும் முன்பே, சரிபார்க்கத்தக்க ஆவணங்களோடு தான் சிறு நிறுவனம் என்பதை வங்கியிடம் தெரிவிப்பது கடன்தாரரின் பொறுப்பு என்றும் சொல்கிறது. எல்லா நடவடிக்கையும் முடிந்த பிறகு இந்த உரிமையை எடுத்தால் பயனில்லை.

எஸ்.எம்.ஏ.-2 நிலைக்கு வந்த, 10 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளை 5 வேலை நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதையும் கடிதத்தில் குறிப்பிடலாம். வங்கியில் புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விண்ணப்பத்தை வாங்க மறுத்தார்கள், பதில் தரவில்லை என்ற சேவைக் குறைபாட்டுக்குத்தான் அது உதவும். மறுசீரமைப்பு தர வேண்டுமா என்பது வங்கியின் வணிக முடிவு. அதில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார்.

ஒப்புதல் கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஒப்புதல் கடிதத்தில் உள்ள அட்டவணை நீங்கள் கேட்டதுதானா என்று பாருங்கள். சில சமயம் கட்டங்களைச் சேர்த்து ஒரே தொகையாக்கிவிடுவார்கள். 19.92 லட்சத்தை 54 மாதத்துக்குச் சமமாகப் பிரித்தால் மாதம் 46,900 ரூபாய் அளவில் வரும்; முதல் மாதமே உங்களால் கட்ட முடியாது. அப்படி இருந்தால் கையெழுத்திடாமல் திருப்பிக் கேளுங்கள்.

ஜாமீன்தாரர்களும் புதிய ஆவணத்தில் கையெழுத்திட வேண்டும். நிபந்தனைகள் மாறுவதால் இது தேவை. அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள், வங்கியிலிருந்து போன் போய்த் தெரியவரும்படி விடாதீர்கள். தானாகத் தவணை பிடிக்கும் பழைய உத்தரவை ரத்து செய்து புதியதைக் கொடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த 5-ஆம் தேதி பழைய 65,227 ரூபாய்க்கே கோரிக்கை போகும். பணம் இல்லாமல் திரும்பும். அதற்கும் கட்டணம் விழும். தவணைத் தேதியையும் இப்போதே மாற்றிக்கொள்ளலாம். வால்வு கம்பெனி 10-ஆம் தேதி பணம் தருகிறது என்றால், தவணை 15-ஆம் தேதி இருக்கட்டும்.